இரண்டு போத்தல்களும் பரீட்சகர் வராத ஐம்பது நிமிடமும்

அன்று காலை ஒன்பதாந்தர வகுப்பில் இருந்தவர்கள் முப்பத்தொரு பிள்ளைகளும் நானும். பாடசாலை அதிபர் வாசலில் நிற்பார், உள்ளே வருவார், மறுபடி வெளியே போய் ரோட்டைப் பார்ப்பார். வராதவர்கள் மூன்று பேர். இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மூன்றாமவர் பரீட்சகர். அவருக்காகத்தான் எல்லாமே.

நான் அப்போது ஆசிரிய உதவியாளர். அந்தப் பெயரில் ஆசிரியர் என்ற சொல் இருந்தாலும் சம்பளத்தில் இருக்காது, மாதக் கொடுப்பனவு மட்டும்தான். பயிற்சிக் கலாசாலைப் படிப்பை முடித்து, கடைசியாக ஒரு பரீட்சகர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டித் தேறினால்தான் சேவையில் நிரந்தரமாகச் சேர்ப்பார்கள். தேறாவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். அம்மாவும் அக்காவும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்கள், அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறார். இன்னும் ஒரு வருடம் உதவியாளனாகவே இருப்பதென்றால் என்ன என்று அவர்களிடம் விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. முந்திய இரவு சாப்பிடும்போது அம்மா கேட்டது ஒன்றுதான்: "பரீட்சைக்கு வர்ற அந்த சேரு நல்ல மனுசனா?"

விஞ்ஞானப் பாடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. உயர்தரத்தில் நான் படித்தது கலைப்பிரிவு. எங்கள் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் எடுக்க ஆளில்லை என்பதால் வந்த முதல் வருடமே அது என் தலையில் விழுந்தது. பாடப்புத்தகத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முன்னால் படித்துவிட்டு வகுப்புக்குப் போவேன். அப்படியே மூன்று வருடம் ஓடியிருந்தது.

பரீட்சைக்கு நான் எடுத்த பாடம் சுவாசம். உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே விடும் காற்றையும் இரண்டு போத்தல் சுண்ணாம்பு நீருக்குள் விட்டு, எது பால்போல் மாறுகிறது என்று பார்ப்பது. பார்க்க அழகான செய்கை, ஐந்து நிமிடத்தில் முடியும், பிள்ளைகளுக்கும் வேலை இருக்கும்.

சுண்ணாம்பிலேயே முதல் தவறு செய்தேன். தேயிலை மண்ணுக்குப் போடுவதற்காக உரக்களஞ்சியத்தில் மூட்டை மூட்டையாக வெள்ளைத் தூள் இருக்கும். எங்கள் தோட்டத்தில் எல்லோரும் அதைச் சுண்ணாம்பு என்றுதான் சொல்வோம். அதில் ஒரு பிடி வாங்கி வந்து கரைத்துத் தெளியவைத்து, தலை சுற்றும்வரை ஊதினேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மூட்டையைப் போய்ப் பார்த்தால் டொலமைட் என்று எழுதியிருந்தது. அது ஏற்கெனவே காபனேற்று. பால்போல் மாறி முடிந்த பொருளையே கொண்டுவந்து பால்போல் மாறு என்று ஊதியிருக்கிறேன்.

பிறகு டவுனில் வெற்றிலை, சுண்ணாம்பு விற்கும் நானா கடைக்குப் போய் நீற்றிய சுண்ணாம்பு கேட்டேன்.

"வெத்திலைக்கா, செவுத்துக்கா?" என்றார் நானா.

"பாடத்துக்கு."

"பாடத்துக்கு எந்தச் சுண்ணாம்பு போடுறதுன்னு எனக்குத் தெரியாது மகன். இது காத்துப் படாம இறுக்கி மூடினது. கொண்டு போங்க."

அந்தச் சுண்ணாம்பு சரியாக வேலை செய்தது. கரைத்து, இரவு முழுவதும் தெளியவிட்டு, மேலே நின்ற தெளிந்த நீரை மட்டும் வடித்து எடுத்தேன். பரீட்சைக்கு முதல் நாள் வகுப்பில் ஒத்திகை பார்த்தோம். நாலாவது மூச்சிலேயே வெண்மை இறங்கியது. பிள்ளைகளுக்கு ஆசை தாங்கவில்லை. எல்லோரும் ஆளுக்கு ஒரு குவளையில் ஊதிப் பார்க்கக் கேட்டார்கள், நானும் விட்டேன். பின்னேரம் பார்த்தால் மிச்சம் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை அளவுதான் இருந்தது. மறுபடி கரைத்துத் தெளியவிட நேரம் இருந்தது, சுண்ணாம்புதான் இல்லை. ஆகவே அந்தக் கோப்பை நீரோடு கொதித்தாறிய தண்ணீர் ஆறு கோப்பை சேர்த்தேன். சிறிது எடுத்து ஊதிப் பார்த்தேன். கொஞ்சம் மெல்லியதாக, ஆனாலும் வெள்ளையாகத்தான் மாறியது. போதும் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் மழை. மழையோடு மூட்டமும் இறங்கி, மைதானத்தின் அந்தப் பக்கம் இருந்த கோயில் மறைந்துவிட்டது. எங்கள் வகுப்பறை சின்னது, அரைச்சுவருக்கு மேலே பலகைக் கதவுகள். சாரல் அடித்ததால் எல்லாவற்றையும் மூடி, இடுக்குகளில் உரப்பையைத் திணித்திருந்தோம்.

மேசையில் இரண்டு போத்தல். ஒவ்வொன்றின் தக்கையிலும் இரண்டு குழாய். டிஸ்பென்சரியில் வாங்கிய புதிய சேலைன் டியூப்தான் குழாய். 'உள்' என்று காகிதம் ஒட்டிய போத்தலில், வெளிக்காற்று வரும் குழாய் சுண்ணாம்பு நீருக்குள் அமிழ்ந்திருக்கும், வாய்க்குப் போகும் குழாய் நீருக்கு மேலே நிற்கும். 'வெளி' என்ற போத்தலில் இது தலைகீழ்: வாயிலிருந்து வரும் குழாய் நீருக்குள், காற்று வெளியேறும் குழாய் மேலே. வாய்க்கான இரண்டு குழாயையும் ஒரு மூன்று முனை இணைப்பில் சேர்த்தால், ஒரே இடத்தில் வாய் வைத்து மெதுவாக இழுத்து மெதுவாக விடலாம். இழுக்கும்போது முதல் போத்தலில் குமிழி வரும், விடும்போது இரண்டாவதில். மாற்றிப் பொருத்தினால் சுண்ணாம்பு நீர் நேரே வாய்க்குள் வரும், வாய் வெந்துபோகும். ஆகவே மூன்று தடவை பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு ஸ்ட்ரோ.

கரும்பலகையில் தலைப்பு எழுதினேன்: 'வெளிவிடும் காற்றில் காபனீரொட்சைட்டு உண்டு.' நேரத்தையும் நிறத்தையும் அதற்குக் கீழே அட்டவணையாக எழுதும் வேலையை முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுத்தேன். கையெழுத்து அழகாக இருக்கும், அதைவிட, சொன்னதைச் சொன்னபடி செய்யும்.

பாடம் எட்டரைக்கு. எட்டு நாற்பது வரை பார்த்தோம். கார் சத்தம் இல்லை.

"தம்பி, ஆரம்பிங்க," என்றார் அதிபர். "கீழ ரோட்டுல மரம் விழுந்திருக்குன்னு பால்காரன் சொல்றான். எப்படியும் இப்ப வந்திருவாரு."

"அவரு இல்லாம எப்படி சேர்?"

"அவரு வரும்போது நீங்க சும்மா நின்னா அது நல்லாவா இருக்கும்? செஞ்சுக்கிட்டே இருங்க. வந்து பாக்கும்போது வெள்ளையா இருக்கணும், அவ்வளவுதான்."

ஆரம்பித்தோம். முதல் பையன் நாலு மூச்சு விட்டான், 'வெளி' போத்தல் மங்கியது. அடுத்தவள் முடிப்பதற்குள் பால். 'உள்' போத்தல் கண்ணாடிபோல் தெளிவு. வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. அட்டவணைக்காரி எழுதினாள்: எட்டு நாற்பத்திரண்டு, உள் தெளிவு, வெளி வெள்ளை. அந்த நிமிடத்தில் பரீட்சகர் வந்திருந்தால் நான் இதை எழுதவேண்டியிருக்காது.

அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் முதல் நாள் ஒத்திகையின்போது, ஊதிய குவளைகளை அப்படியே விட்டால் வெள்ளை அடியில் படிந்து மேலே தெளிந்துவிடுவதைப் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் சொன்னான்:

"சேர், விட்டா அடங்கிரும் சேர். ஊதிக்கிட்டே இருப்போம்."

அது அவர்களுக்குத் தெரிந்த வேலை. மழைக்காலத்தில் லயத்து வீட்டு அடுப்பில் ஈர விறகு வைத்து ஊதாங்குழல் பிடிக்காத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. ஊதுவதை நிறுத்தினால் அடுப்பு அணையும், விடாமல் ஊதினால் எரியும். நானும் அப்படி வளர்ந்தவன்தான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. போத்தலை ஒரு தடவை குலுக்கிவிட்டாலே போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வரிசை போட்டு ஊதினார்கள். ஆளுக்குப் பத்து மூச்சு.

"மெதுவா விடுடா, நீ என்ன மாட்டையா வெரட்டுற?"

"இவ ஊதுனா போத்தலே கொதிக்குது சேர்."

"அவ வீட்டுல அஞ்சு பேருக்குச் சமைக்கிறா. நீ தின்னு தின்னு தூங்குற."

ஒருவனுக்குத் தலை சுற்றியது. உட்காரவைத்து, அடுத்தவனை விட்டேன். அதிபர் வாசலில் இருந்து, "வெள்ளையா இருக்கா?" என்று கேட்பார். "இருக்கு சேர்," என்று வகுப்பே சொல்லும். மூடிய அறையில் முப்பது பேரின் மூச்சும் ஈரச் சட்டையின் வாடையும் சேர்ந்து, பலகைக் கதவின் உட்பக்கமெல்லாம் நீர் கோத்திருந்தது.

ஒன்பது மணி தாண்டியபோது அட்டவணைக்காரி கையை உயர்த்தினாள்.

"சேர், வெளி போத்தல் கொறையுது."

"என்ன குறையுது?"

"வெள்ளை கொறையுது. இப்ப எழுத்துத் தெரியுது." போத்தலுக்குப் பின்னால் தன் கொப்பியைப் பிடித்துக் காட்டினாள். "உள் போத்தல்ல மங்கலா இருக்கு."

"ஊதுறது பத்தாது," என்றேன். "இன்னும் ஊதுங்க."

இந்த ஒரு வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்கள் இன்னும் பலமாக ஊதினார்கள். எவ்வளவு ஊதினார்களோ அவ்வளவு சீக்கிரம் 'வெளி' தெளிந்தது. ஒன்பது இருபத்தைந்துக்கு அது வெறும் தண்ணீர். 'உள்' போத்தல் வெள்ளை. நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிர்.

பின்வரிசைப் பையன் மெதுவாகச் சொன்னான்:

"சேர், காயிதத்த மாத்தி ஒட்டிருவோம். வாறவருக்கு என்ன தெரியும்."

"எழுதுனது?" என்றாள் அட்டவணைக்காரி.

"அத அழிச்சிரு."

"அழிக்க மாட்டேன். நான் பாத்துத்தான் எழுதுனேன்."

'உள்' என்ற காகிதத்தின் மூலையில் என் விரல் இருந்தது. பசை இன்னும் காயவில்லை, இழுத்தால் வந்துவிடும். ஒரு வருடக் கொடுப்பனவும் அம்மாவின் முகமும்தான் என் மனதில் இருந்தன, வேறு பெரிய எண்ணம் எதுவும் இல்லை. விரலை எடுத்ததற்குக் காரணமும் பெரிதல்ல. முப்பத்தொரு பேர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதரைக்குத்தான் பரீட்சகர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், முழங்கால் வரை சேறு. மரம் விழுந்த இடத்தில் காரை விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தார். குடையை மூலையில் வைத்துவிட்டு நேரே மேசைக்கு வந்து குனிந்தார். முதலில் போத்தல்களைப் பார்த்தார், பிறகு காகிதங்களை, பிறகு என்னை.

"எந்தப் போத்தலுக்குள்ள வெளிமூச்சு போச்சு?"

"இது சேர்." தெளிந்திருந்ததைக் காட்டினேன்.

"அப்ப பாடக்குறிப்புல எழுதியிருக்கிறது?"

"முதல்ல அப்படித்தான் வந்திச்சு. பிறகு மாறிருச்சு."

"ஏன் மாறிச்சு?"

"தெரியாது சேர்."

அவர் பேனாவைத் திறந்தார். அட்டவணைக்காரி யாரும் கேட்காமலே எழுந்து, கரும்பலகையில் இருந்ததை மேலிருந்து கீழாக வாசிக்கத் தொடங்கினாள். எட்டு நாற்பத்திரண்டு. எட்டு ஐம்பத்தைந்து. ஒன்பது ஐந்து. ஒரு வரியையும் விடவில்லை. பரீட்சகர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம் திரும்பினார்.

"சுண்ணாம்பு நீர்ல தண்ணி கலந்தீங்களா?"

"ஒண்ணுக்கு ஆறு சேர்."

"ம்." மூடியிருந்த கதவுகளைப் பார்த்தார், பிள்ளைகளை எண்ணுவதுபோல் பார்த்தார். பிறகு கரும்பலகைத் தலைப்பைக் காட்டினார். "வெளிவிடும் காத்துல உண்டுன்னு எழுதியிருக்கீங்க. உள்ள எடுக்கிற காத்துல இல்லையா?"

நான் திரும்பித் தலைப்பை மறுபடி வாசித்தேன்.

"நான் பாத்ததத்தான் எழுத முடியும்," என்றார். "இத வச்சுப் பாஸ் போட முடியாது. ஆனா நான் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தேன். அதனால நீங்க வேற ஒரு நாள் கேக்கலாம். எழுத்துல கேக்கணும். கலாசாலையிலதான் வைப்பாங்க, பிள்ளைகள நீங்கதான் கூட்டிக்கிட்டு வரணும்." குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்: "வரும்போது ஏன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. நான் அதத்தான் கேப்பேன்."

பதிவுத்தபாலில் எழுதிக் கேட்டதில் இரண்டு வாரத் தவணை கிடைத்தது. மறுபடி நானா கடைக்குப் போனேன். இந்தத் தடவை பாடம் நடத்தவில்லை, பிள்ளைகளோடு சேர்ந்து காரணத்தைத் தேடினேன். பள்ளி விட்ட பிறகு ஏழு பேர் நின்றார்கள். கலக்காத சுண்ணாம்பு நீர் ஒரு போத்தல், ஆறு பங்கு தண்ணீர் கலந்தது ஒரு போத்தல். இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கை மூச்சு. கலக்காதது கெட்டியாக வெளுத்தது, ஒரு மணித்தியாலம் ஊதியும் வெள்ளையாகவே இருந்தது. கலந்தது வெளுத்து, பிறகு தெளிந்தது. மூன்று நாள் செய்தோம், மூன்று நாளும் அப்படியே. தெளிந்த தண்ணீரை அட்டவணைக்காரி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் சுடவைத்தாள். மறுநாள் காலை பாடசாலைக் கேட்டுக்குள் நுழையும்போதே சொன்னாள்:

"சேர், சூடாக்குனா வெள்ளை திரும்ப வருது."

டவுனில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் உயர்தர இரசாயனவியல் புத்தகம் இரவல் வாங்கினேன். மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டு சுண்ணாம்பு நீரில் கரையாத கல்சியம் காபனேற்றை உண்டாக்குகிறது, அதுதான் வெள்ளை. தொடர்ந்து அந்த வாயுவே போனால் அந்தக் காபனேற்று, கரையக்கூடிய இருகாபனேற்றாக மாறுகிறது, தெளிவு திரும்புகிறது. சுடவைத்தால் மறுபடி வெள்ளை. ஆனால் எங்கள் மூச்சால் அப்படிக் கரைத்துவைக்கக்கூடிய அளவு கொஞ்சம்தான். தண்ணீர் கலந்ததில் சுண்ணாம்பு அந்த அளவுக்குள் அடங்கியதால் முழுவதும் தெளிந்தது. கலக்காததில் அடங்கவில்லை. அதாவது அந்த அறையில் வெளிமூச்சு போத்தல் மற்றதை முந்திக்கொண்டு ஓடி, வெள்ளையையும் தாண்டிப் போயிருந்தது. 'உள்' போத்தல் அதே பாதையில் மெதுவாகப் பின்னால் வந்திருந்தது, அதுவும் மூடிய அறைக்குள் நாங்களே விட்ட காற்றை இழுத்து இழுத்து. கதவுகளைத் திறந்துவைத்து ஊதியபோது அது நெடுநேரம் தெளிவாகவே இருந்தது.

தலைப்பையும் திருத்தினோம். 'உள்ளெடுக்கும் காற்றைவிட வெளிவிடும் காற்றில் காபனீரொட்சைட்டு அதிகம்.' பின்வரிசைப் பையன் அதை வாசித்துவிட்டு, "முதல்லயே இத எழுதியிருந்தா தப்பிச்சிருப்பீங்க சேர்," என்றான். அவன் சொன்னது சரி.

அட்டவணைக்காரியை அனுப்ப அவளுடைய அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. பரீட்சை நாளான வியாழக்கிழமை மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகவேண்டும், மூன்று வயதுத் தம்பியை யார் பார்ப்பது என்றார். தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விடலாமே என்றேன்.

"அவன் அங்க நிக்க மாட்டான் சேர், ஓடியாந்திருவான். வேணும்னா அவனையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க."

ஆகவே ஏழு பிள்ளைகளும் நானும் ஒரு தம்பியும் முதல் பஸ்ஸில் போனோம். போத்தல்களை உரப்பைக்குள் சுற்றி மடியில் வைத்திருந்தேன். வளைவுகளில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள்.

கலாசாலையின் அறையில் முதல் வேலையாக ஜன்னல்களைத் திறந்தோம். பரீட்சகர் நேரத்துக்கு வந்து பின்னால் உட்கார்ந்தார். நாலாவது மூச்சில் 'வெளி' மங்கியது, ஏழாவதில் பால். 'உள்' தெளிவு. நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். அட்டவணையில் இரண்டே வரி.

"இன்னும் ஊதினா என்ன நடக்கும்?" என்று பரீட்சகர் பிள்ளைகளைக் கேட்டார்.

"இதுல ஒண்ணும் நடக்காது சேர்," என்றாள் அவள். "தண்ணி கலந்தா தெளியும். காச்சினா திரும்பவும் வெளுக்கும். நான் காச்சிப் பாத்தேன்."

"உள்ளெடுக்கிற காத்துல காபனீரொட்சைட்டு இருக்கா?"

"இருக்கு சேர், கொஞ்சம். எங்க வகுப்புல கூட."

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். படிவத்தில் எழுதி, கையெழுத்திட்டு, மேசையில் ஏறி நின்ற தம்பியை இறக்கிவிட்டார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. கலாசாலை அறிவித்தல் பலகையில் தேறியவர்கள் பட்டியலில் என் இலக்கம் வந்தது ஆறு வாரம் கழித்து. பரீட்சை முடிந்த அன்று பின்னேரமே பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் எல்லோரும் ரொட்டி சாப்பிட்டோம். தம்பி ஒன்றரை ரொட்டி தின்றான். பதிவுத்தபால், இரண்டாவது தடவை வாங்கிய சுண்ணாம்பு, புது டியூப், ஸ்ட்ரோ, போக வர பஸ், ரொட்டி, தேத்தண்ணீர் என்று எல்லாம் சேர்த்து எங்களுக்குச் செலவானது மூவாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.